உடைந்த சரக்குக்குப் பணம் கேட்கும் மின்னஞ்சலைத் திருத்துவது எப்படி?

எங்கள் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, சென்னை மொத்த வியாபாரிக்கு எழுதிய மின்னஞ்சல் இது:

"ஐயா, நீங்கள் அனுப்பிய சரக்கில் இரண்டு பெட்டியில் ஒன்றறை டஜன் கப் உடைந்து இருந்தது. மொத்தம் ரூ.1,350. உங்கள் பேக்கிங் மோசம். உடனே திருப்பி அனுப்பவும்."

எழுத்துப் பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், அங்கே கணக்கு எழுதுபவராக உங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள். "இரண்டு பெட்டியில் ஒன்றறை டஜன்" என்றால் மொத்தம் 18 கப்புகளா, பெட்டிக்கு 18 வீதம் 36 கப்புகளா? "திருப்பி அனுப்பவும்" என்றால் எதை? பணத்தையா, வேறு கப்புகளையா? தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். பேச்சில் அது உறுத்தாது. பணம் கேட்கும் கடிதத்திலோ வேண்டாத கப்புகள் வந்து இறங்கிவிடும். வங்கிக் கணக்கில் பணம் வேண்டுமா, அடுத்த பில்லில் கழித்தால் போதுமா என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபாருங்கள். ஒரு கப்பின் விலை வரி நீங்கலாக 85 ரூபாய். 18 கப்புகளுக்கு 1,530 வரவேண்டும். அண்ணாச்சி இலக்கங்களை இடம் மாற்றி 1,350 என்று அடித்துவிட்டார். எந்தப் பிழைதிருத்தியும் இதைப் பிடிக்காது. பில் எண்ணும் விடுபட்டிருந்தது.

மூன்றாவது, தெரியாததைக் குற்றச்சாட்டாக எழுதாதீர்கள். கப்புகள் லாரியில் உடைந்தனவா, பேக்கிங்கில் குறையா என்பது நமக்குத் தெரியாது. பெட்டியின் அடி நசுங்கியிருந்தது என்று கண்டதை எழுதினால் மறுக்க இடமில்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் "மோசம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேச்சு வேறு திசையில் போய்விடும்.

கடைசியாக எழுத்து. 'அறை' என்பது வீட்டு அறை. பாதி என்றால் 'அரை', ஆகவே 'ஒன்றரை'. இங்கே 18 என்று இலக்கத்தில் எழுதுவதே நல்லது. பன்மைக்கு 'இருந்தது' பொருந்தாது, 'இருந்தன' வேண்டும். 'திருப்பி' என்பதற்கு முன் 'பணத்தை' என்று சேர்த்தால் நடுவில் ஒற்று விடுபடக் கூடாது. 'பணத்தைத் திருப்பி' என்பதே சரி.

திருத்திய வடிவம்:

"பொருள்: பில் எண் 412 – உடைந்த 18 கப்புகளுக்குப் பணம் கோருதல்

ஐயா, வணக்கம். மேற்கண்ட பில்லுக்கான சரக்கு ஜூன் 9 அன்று வந்துசேர்ந்தது. மூன்றாம் பெட்டியில் 11, ஐந்தாம் பெட்டியில் 7, ஆக 18 பீங்கான் கப்புகள் உடைந்திருந்தன. இரு பெட்டிகளின் அடிப்பாகமும் நசுங்கியிருந்தது. சரக்கை இறக்கும்போதே லாரி ரசீதில் இதைக் குறித்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். தலா ரூ.85 வீதம் ரூ.1,530-ஐயும் அதற்குரிய ஜிஎஸ்டியையும் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சரக்கு வேண்டாம். படங்களும் ரசீதும் இணைப்பில் உள்ளன."

அனுப்புவதற்கு முன் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். அண்ணாச்சி எடுத்த படத்தில் உடைந்த கப்புகள் தெரிந்தன, பெட்டி எண் தெரியவில்லை. பெட்டியோடு சேர்த்து மறுபடி எடுத்த பிறகே அனுப்பினோம்.