புகைப்படத்தில் உள்ள அட்டவணையை வைத்து ஸ்பேமைக் கண்டுபிடிப்பது: நைவ் பேய்ஸ் கணக்கு, படிப்படியாக

ஒரு செய்தியில் உள்ள சொற்களை வைத்து, அது ஸ்பேமா சாதாரணமா என்று நிகழ்தகவால் முடிவு செய்ய நைவ் பேய்ஸ் முறை உதவுகிறது. இதற்கான பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பும்போது பலரும் அட்டவணையை மட்டும் படம்பிடித்து, அதற்கு மேலே உள்ள ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். நம் கணக்கில் அந்த வரி இது: "சாதாரணச் செய்திகள் 12, ஸ்பேம் செய்திகள் 8." இது இல்லாமல் விடை வராது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

| சொல் | சாதாரணம் | ஸ்பேம் |
|---|---|---|
| பரிசு | 0 | 9 |
| பணம் | 4 | 4 |
| கூட்டம் | 9 | 1 |
| நாளை | 7 | 2 |
| மொத்தம் | 20 | 16 |

வகைப்படுத்த வேண்டிய புதிய செய்தி: "நாளை கூட்டம், பரிசு உண்டு".

முதலில் எண்களைச் சரிபாருங்கள்

படம் மங்கலாக இருந்தால் 7 என்பது 1 போலத் தெரியும். சாதாரணச் செய்திகளுக்கான நிரலைக் கூட்டிப் பாருங்கள். "நாளை"க்கு 1 என்று எடுத்தால் 14தான் வருகிறது. 7 என்று எடுத்தால்தான் 20 வருகிறது. மொத்தம் அச்சாகியிருக்கும்போது ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பேம் செய்திகள் எட்டுதான், ஆனால் "பரிசு" 9 முறை வந்திருக்கிறது. ஆகவே, இது சொல் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. எத்தனை செய்திகளில் வந்தது என்பதல்ல. இரண்டாவது வகை அட்டவணையாக இருந்தால் வகுக்கும் எண்ணே மாறிவிடும்.

அடுத்து முன்நிகழ்தகவு

செய்தியைப் படிப்பதற்கு முன்பே, அது எந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்? மொத்தம் 20 செய்திகளில் 12 சாதாரணம் என்பதால் 0.6, ஸ்பேமுக்கு 0.4. விடுபட்டுப்போகும் அந்த வரியிலிருந்துதான் இது கிடைக்கிறது.

சொற்களின் நிகழ்தகவு

"உண்டு" அட்டவணையில் இல்லை. இரு பக்கமும் அதை விட்டுவிடுகிறோம். மீதி மூன்று சொற்களுக்கும் அந்தந்த வகையின் மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். சாதாரணத்தில் "நாளை" 7/20, "கூட்டம்" 9/20. "பரிசு"க்கு வரும்போது 0/20. பெருக்கலில் ஒரு பூஜ்யம் வந்தால் மற்ற எல்லாச் சான்றும் வீணாகிவிடும். பன்னிரண்டு செய்திகளில் ஒரு சொல் வரவில்லை என்பதற்காக, அது சாதாரணச் செய்தியில் வரவே வராது என்று சொல்வது நியாயமில்லை.

இதற்குத் தீர்வு லாப்லாஸ் திருத்தம்: அட்டவணையின் ஒவ்வொரு எண்ணோடும் 1 கூட்டுகிறோம். நான்கு சொற்கள் இருப்பதால் மொத்தத்தோடு 4 கூடும்: 20 என்பது 24 ஆகும், 16 என்பது 20 ஆகும். மேலே 1 கூட்டிவிட்டுக் கீழே 4 கூட்ட மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

பெருக்குங்கள்

```
சாதாரணம்: 0.6 × 8/24 × 10/24 × 1/24 = 0.00347
ஸ்பேம்:    0.4 × 3/20 × 2/20 × 10/20 = 0.00300
```

பெரிய எண் சாதாரணத்துக்கு. எனவே இது சாதாரணச் செய்தி. திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் சாதாரணத்துக்குப் பூஜ்யம் வந்து, விடை ஸ்பேம் என்று ஆகியிருக்கும்.

இந்த இரண்டு எண்களும் இன்னும் நிகழ்தகவுகள் அல்ல. கூட்டினால் 1 வராது. கேள்வியில் சதவீதம் கேட்டிருந்தால், இரண்டின் கூடுதலால் வகுக்க வேண்டும்: 0.00347 / 0.00647, ஏறத்தாழ 54%. மயிரிழையில் கிடைத்த முடிவு.

அதனால்தான் முன்நிகழ்தகவை வலியுறுத்துகிறேன். செய்திகளின் எண்ணிக்கை படத்தில் விடுபட்டதால், ஒருவர் சொற்களின் மொத்தத்தையே எடுத்து 20/36, 16/36 என்று போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத்துக்கு 0.00322, ஸ்பேமுக்கு 0.00333. விடை தலைகீழாகிவிட்டது, மற்ற எல்லாப் படிகளும் சரியாக இருந்தும்.

ஒரு சொல் இரண்டு முறை வந்தால்?

செய்தி "நாளை கூட்டம், பரிசு பரிசு" என்று இருந்தால் அந்தச் சொல்லை இரண்டு முறை பெருக்க வேண்டும். சாதாரணம் மறுபடியும் 1/24 ஆகச் சுருங்குகிறது, ஸ்பேம் பாதியாக மட்டுமே குறைகிறது. முன்பு 46% ஆக இருந்த ஸ்பேம், ஒரே சொல்லால் 91%க்குத் தாவுகிறது. "பரிசு" என்று ஒருமுறை எழுதியவர் அதை மறுபடியும் எழுதுவது இயல்பு. அதில் புதிய தகவல் அதிகமில்லை. ஆனால் இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் மற்றதோடு தொடர்பில்லாத தனிச் சான்றாக எண்ணுகிறது. வகை பெரும்பாலும் சரியாக வந்தாலும், பக்கத்தில் நிற்கும் சதவீதம் மிகையாக இருப்பது இதனால்தான்.