இலியோஸ்டமி பை அடிக்கடி நிரம்பினால் வெறும் தண்ணீர் போதாது

இலியோஸ்டமி என்பது சிறுகுடலை வயிற்றுத் தோலில் திறந்துவிடும் அறுவைச் சிகிச்சை; கழிவு அங்கே ஒட்டிய பையில் சேரும். ஒரு நாளில் அந்தப் பையிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு மேல் கழிவு நீராக வெளியேறினால் கவனியுங்கள். அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துவைத்தால் ஊகத்துக்கு இடமில்லை. தாகத்துக்கு வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதுதான் பலரும் செய்வது. ஆனால் உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் போனதும், குடல்சுவரிலிருந்து சோடியம் அதற்குள் கசிகிறது. கூடவே நீரும் போய், பை இன்னும் வேகமாக நிரம்பும். இளநீர், டீ, ஜூஸ் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். இவை அனைத்தும் சேர்ந்து நாளுக்கு ஒரு லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

பதிலாக ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, குளிரவைத்து நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடியுங்கள். குளுக்கோஸ்தான் உப்பை உள்ளே இழுக்கும், குறைக்காதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

குழைந்த வெள்ளைச் சோறு, வாழைப்பழம், தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகியவை கழிவைக் கெட்டியாக்கும். சாப்பாட்டோடு நீர் குடிக்காமல் அரைமணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாவது, எழுந்தால் தலைசுற்றுவது, கெண்டைக்கால் இழுப்பது தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.