உரிமம் இருந்தும் வருமானம் நிற்பது ஏன்?

முகம் காட்டாமல், ஸ்டாக் காட்சிகளின் மேல் குரல் பதிவு செய்து சேனல் நடத்துபவர்கள் பலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உரிமம் பதிப்புரிமைப் புகாருக்குத்தான் பதில். வருமானம் தர யூடியூப் பார்ப்பது வேறு: அந்தக் காட்சியோடு நீங்கள் சேர்த்தது என்ன? உரியவர் அனுமதி தந்திருந்தாலும் இந்தக் கேள்வி போகாது.

கடலடி கேபிளைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு வீடியோ என்று வைத்துக்கொள்வோம். குரல் பேசப் பேச 40 விநாடி அலை மட்டும் அடித்தால் அது வெறும் திரைச்சீலை. 5 விநாடியில் அதை நிறுத்தி, அறுந்த இடத்தை நீங்களே வரைந்த படத்தில் காட்டி, கப்பல் கொக்கி போட்டு முனையைத் தூக்குவதை அம்புக்குறியால் விளக்குங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வேறு எந்தத் தலைப்புக்கும் அந்தக் காட்சிகள் பொருந்துமென்றால் இன்னும் வேலை இருக்கிறது.

ஒரே அச்சில் வார்த்த வீடியோக்களும் ஆபத்துதான். அப்படித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்பவற்றுக்கு வருமானம் இல்லை என்பது யூடியூப் விதி; 2025 ஜூலையில் அதன் சொற்களைத் தெளிவாக்கியது. சோதிப்பதும் சேனலை முழுதாக வைத்துத்தான். அதனால் வருமானம் வந்த பிறகும் பழைய பலவீனமான வீடியோக்களைத் திருத்துங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், வெட்டாத குரல் பதிவையும் எடிட்டிங் கோப்பையும் அழிக்காதீர்கள். வருமானம் கேட்ட விண்ணப்பத்தை யூடியூப் நிராகரித்தால், தயாரிக்கும் முறையை வீடியோவாகக் காட்டி முறையிட 21 நாள்தான் இருக்கும்.