சிஎஃப்டி சார்ட்ல வேலை எங்க தேங்குதுன்னு கண்டுபிடிக்க

போர்டுல ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் எத்தனை வேலை கார்டு இருக்குன்னு நாள்வாரியா கலர் பட்டையா காட்டுற கியூமுலேட்டிவ் ஃப்ளோ டயகிராம்ல, அதாவது சிஎஃப்டில, எந்த பட்டை அகலமாகுதோ அந்த ஸ்டேஜ்காரங்கதான் ஸ்லோன்னு நிறைய பேர் முடிவு கட்டிடுறாங்க, பாதி நேரம் அது தப்பு.

ஒரு பட்டையோட மேல் கோடு அந்த ஸ்டேஜுக்குள்ள இதுவரை வந்த மொத்த கார்டு, கீழ் கோடு அதைத் தாண்டிப் போனது. மேல் கோடு செங்குத்தா ஏறி கீழ் கோடு சாய்வா போனா நடுவுல குவியுதுன்னு அர்த்தம்.

உதாரணத்துக்கு, வாரம் 5 கார்டு கோடிங் முடிஞ்சு வருது, டெஸ்டிங்ல 3 தான் எடுக்குறாங்கன்னு வைங்க. 4 வாரத்துல 20 வந்து 12 போயிருக்கும், மீதி 8 தேங்கி நிக்கும். ஆனா முடிச்ச கார்டும் போர்டுல டெவலப்மென்ட் கட்டத்துலயே கிடந்தா அந்தப் பட்டைதான் வீங்கும், டெஸ்டிங் பட்டை ஒல்லியா அப்பாவி மாதிரி இருக்கும், திட்டு வாங்குறது டெவலப்பர் (பாவம்!).

அதனால நடுவுல ‘டெஸ்டிங்குக்கு ரெடி’ன்னு போர்டுல தனி கட்டம் போடுங்க. அந்தப் பட்டை அகலமானா அடைப்பு அதுக்கு அடுத்த ஸ்டேஜ்ல. இப்ப வர்ற கார்டு 8ஐ 3ஆல வகுத்தா வர்ற கிட்டத்தட்ட 2.7 வாரம் சும்மா காத்திருக்கும், அந்தக் கார்டு வெளிய போனப்புறம் சார்ட்லயும் அது வந்த இடத்துலேர்ந்து அந்தப் பட்டையை குறுக்கால இடமிருந்து வலமா அளந்தா தோராயமா அவ்ளோதான் வரும்.

கோடு எங்கயாவது கீழ இறங்கினா மட்டும் நம்பாதீங்க, யாரோ கார்டை பின்னாடி நகர்த்தியிருப்பாங்க இல்ல டெலீட் பண்ணியிருப்பாங்க.