வியூஸ் எகிறும் நேரத்தில் செய்யக்கூடாதவை: ஒரு வேப்பெண்ணெய் வீடியோவின் கதை

என்னுடையது யூடியூபில் ஒரு சின்ன மாடித்தோட்ட சேனல். ஒரு வீடியோ போட்டால் முதல் மூன்று நாளில் முந்நூறு பேர் பார்ப்பார்கள். செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி பற்றி ஆறு நிமிட வீடியோ ஒன்று போட்டேன். அளவு மூடியில் ஊற்றியது 5 மில்லி வேப்பெண்ணெய். வாய் சொன்னது "லிட்டருக்கு அம்பது மில்லி". மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனை எடுத்தால் 40,000 பார்வை.

முதல் இரண்டு மணி நேரம் ரியல்டைம் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டியது வேறு இரண்டு இடங்கள். யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில், ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற பட்டியல் ஒன்று. முகப்புப் பக்கத்திலிருந்தும் பரிந்துரையிலிருந்தும் வந்தால், உங்களை முன்பின் தெரியாதவர்கள் என்று பொருள். நீங்கள் வாய்தவறிச் சொல்பவர் என்று அவர்களுக்குத் தெரியாது, சொன்னதை அப்படியே செய்வார்கள். இன்னொன்று, பார்வை எங்கே நிலைக்கிறது என்று காட்டும் கோடு. எனக்கு 2:40-ல் அது மேடு கட்டியிருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டி அளவைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். தவறான அளவை!

சரி, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ஒரு கமெண்ட் எழுதிப் பின் செய்வோம் என்று உட்கார்ந்தேன். அதிலும் சறுக்கினேன். "அன்பு உறவுகளுக்கு வணக்கம், இவ்வளவு ஆதரவு தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி" என்று ஆரம்பித்து, அளவுத் திருத்தத்தை ஐந்தாவது வரியில் வைத்தேன். நீளமான கமெண்ட் மடங்கிக்கொள்ளும். திறந்து படிப்பவர் குறைவு. கீழே அதே கேள்வி வந்துகொண்டே இருந்தது. மதியம் மாற்றி எழுதினேன்:

"திருத்தம்: 2:40-ல் 50 மில்லி என்று தவறாகச் சொல்லிவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி மட்டும். 50 மில்லி தெளித்திருந்தால் இலையின் இரண்டு பக்கமும் நல்ல தண்ணீரால் கழுவி, தொட்டியை இரண்டு நாள் நிழலில் வையுங்கள்."

தவறு, சரியான அளவு, ஏற்கெனவே செய்துவிட்டவர் என்ன செய்வது. இந்த மூன்றும் போதும். நேரத்தை 2:40 என்று எழுதினால் அதைத் தொட்டு நேரே அந்த இடத்துக்குப் போகலாம். ஏன் தவறு நேர்ந்தது, தூக்கம் சரியில்லை போன்ற விளக்கமெல்லாம் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் கமெண்டை நம்பி மட்டும் இருக்க முடியாது. பார்ப்பவரில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. டிஸ்கிரிப்ஷனில் இப்படி ஒரு வரி சேர்த்தால், அந்த நேரம் வரும்போது திரையிலேயே திருத்தம் இருப்பதாக ஒரு கார்டு எட்டிப்பார்க்கும்:

```
Correction:
2:40 லிட்டருக்கு 5 மில்லி மட்டும், 50 அல்ல
```

அந்த முதல் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், "திருத்தம்" என்று போட்டால் வேலை செய்யாது. சாப்டர் பட்டியல் இருந்தால் அதற்குக் கீழே எழுதுங்கள்.

அந்தச் சில விநாடிகளையே வெட்டிவிடலாமே என்று தோன்றும். ஸ்டுடியோ எடிட்டரில் வெட்டலாம், லிங்க்கும் பார்வையும் கமெண்டும் அப்படியே இருக்கும். நான் தள்ளிப்போட்டேன். யூடியூப் வருமானம் தரும் பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனலுக்கு, வீடியோ 1 லட்சம் பார்வையைத் தாண்டினால் முகத்தை மங்கலாக்குவது தவிர மற்ற மாற்றங்களைச் சேமிக்க முடியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்தபோது எண்ணிக்கை 1,12,000. வெட்டுவதாக இருந்தால் முதல் நாளே வெட்டுங்கள். வெட்டியபின் நேரக்குறிகள் நகர்ந்துவிடும், பின் கமெண்டிலும் டிஸ்கிரிப்ஷனிலும் மாற்ற மறக்காதீர்கள்.

அடுத்தது, கீழே நடக்கும் சண்டை. "அண்ணே, உங்க பேச்சைக் கேட்டு என் செடி கருகிப்போச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபத்தில் அழித்தேன். அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வந்து, அழித்ததையும் சேர்த்துச் சொன்னார். யோசித்துப் பார்த்தால், மற்றவர்களை எச்சரிக்கும் வேலையை என்னைவிட நன்றாகச் செய்தது அந்தக் கமெண்ட்தான். இன்னொருவர், வயல் பயிருக்கு 3 சதவீத வேப்பெண்ணெய் பரிந்துரைக்கிறார்களே, அதாவது லிட்டருக்கு 30 மில்லி, நீங்கள் 5 என்கிறீர்களே என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுத் தொட்டிச் செடிக்குக் குறைவாகத் தொடங்கி, ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள் என்று ஒரே ஒரு முறை பதில் எழுதினேன்.

அழிக்க வேண்டியவை வேறு இருந்தன. "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா உடனே சாகும்" என்ற கமெண்டுக்கு அறுபது லைக். பூச்சியோடு செடியும் சாகலாம். அப்புறம், என் படத்தையே வைத்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, டெலிகிராமில் வாங்க" என்று பதில் போடும் ஆள். கூட்டம் கூடும் வீடியோவுக்கு இவர்கள் தவறாமல் வருவார்கள். கமெண்டை மட்டும் நீக்கினால் பத்து நிமிடத்தில் இன்னொன்று போடுவார். ரிப்போர்ட் செய்து, Hide user from channel கொடுங்கள். Blocked words பட்டியலில் டெலிகிராம், telegram, மண்ணெண்ணெய், mannennai எனத் தமிழிலும் தங்கிலீஷிலும் சேர்த்தால் அவை உங்கள் பார்வைக்கு வந்து நிற்கும். "அம்பது" என்பதையும் சேர்க்காதீர்கள். உண்மையாகக் கேட்பவர்தான் மாட்டுவார்.

சமாளிக்க முடியாமல் ஓர் இரவு கமெண்ட் பகுதியையே மூடினேன். காலையில்தான் உறைத்தது: மூடினால் பின் கமெண்டும் சேர்ந்து மறைந்துவிடும். தூங்கப் போக வேண்டுமானால் Pause வையுங்கள். பழையவை இருக்கும், புதிதாக எதுவும் வராது.

இனி அடுத்த வீடியோ. "லட்சம் பேருக்கு நன்றி" என்று ஒன்று எடுக்கக் கை துறுதுறுத்தது. வந்த லட்சம் பேரும் மாவுப்பூச்சிக்காக வந்தவர்கள், எனக்காக அல்ல. கமெண்டுகளை ஒரு நோட்டில் பிரித்து எழுதியபோது, அதிகம் வந்த கேள்வி "தெளிச்சோம், போச்சு, பத்து நாளில் திரும்ப வந்துடுச்சு". பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும். தண்டில் எறும்பு ஏறிக்கொண்டிருக்கும் வரை பூச்சி முழுதாகப் போகாது. இதைக் காட்டுவதென்று முடிவு செய்தேன். முதல் நாளும் ஏழாம் நாளும் ஒரே செடியைப் படம் பிடிக்க வேண்டியிருந்ததால் பத்து நாள் ஆனது. அதற்குள் அலை அடங்கிவிட்டது, பரவாயில்லை. மறுநாளே எடுத்திருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. பழைய வீடியோவைப் பார்க்காதவருக்கும் புரியும்படி, முதல் பத்து விநாடியில் அளவு மூடியைக் காட்டி "ஐந்து மில்லி" என்று சொல்லித் தொடங்கினேன்.

புது லிங்க்கைப் புது கமெண்டாக எழுதிப் பின் செய்யப் போனேன், நல்லவேளை, நிறுத்தினேன். ஒரு வீடியோவில் ஒரே ஒரு கமெண்டைத்தான் பின் செய்ய முடியும். புதியது ஏறினால் திருத்தம் இறங்கிவிடும். பழைய கமெண்டையே திருத்தி, அடியில் லிங்க்கைச் சேர்த்து, பின் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கூடவே பழைய வீடியோவின் எண்ட் ஸ்கிரீனிலும் வைத்தேன். கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் அது வரும். எனக்கு என் முகத்தின் மேலேயே உட்கார்ந்தது, வேறு வழியில்லை.

புது வீடியோவுக்கு வந்தது 9,000 பார்வை. லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் சோர்வாக இருக்கும், என் வழக்கமான முந்நூறோடு வைத்துப் பாருங்கள். பழைய வீடியோவில் இப்போதும் வாரம் ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, அஞ்சா, அம்பதா?"