ஒரு நிமிட ஸ்டாப் மோஷனுக்கு எத்தனை நாள்? புதியவர்கள் செய்யும் தவறுகள்

பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஸ்டாப் மோஷனை இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்பதால்தான், ஒரு நிமிடப் படத்தைச் சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று பலர் உட்காருகிறார்கள். ஞாயிறு இரவுக்குள் பத்து நொடி கூடத் தேறாது. கை மெதுவாக வேலை செய்வது மட்டும் அதற்குக் காரணமில்லை. முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே கணக்கு தப்பியிருக்கும்.

‘ஷான் தி ஷீப்’ தொடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் ஸ்டூடியோ தயாரித்து, 2007-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய குழந்தைகள் தொடர் இது. ஒரு கதைக்கு ஏறக்குறைய 7 நிமிடம். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம் என்பதால், ஒரு நிமிடத்துக்கு 1,500 ஃப்ரேம் ஆகிறது. ஆனால் இந்த வகைத் தொடர்களில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையை நகர்த்துவதில்லை. ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு அப்படியே வைப்பதுதான் வழக்கம். அதனால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 750 நிலைகள் போதும்.

முதல் தவறு, இந்த 750-ஐ வெறும் கேமரா கிளிக்காக எண்ணுவது. ஒரு ஆறு நொடி ஷாட்டைப் பாருங்கள்: ஆடு நடந்து வருகிறது, வாளியைப் பார்த்து நிற்கிறது, குனிந்து மோந்து பார்க்கிறது. 75 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் தரைக்கு அடியிலிருந்து பாதத்தைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, காலை நகர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். கால் நகர்ந்தால் இடுப்பு சாய வேண்டும், இடுப்பு சாய்ந்தால் தலையும் காதும் அதற்கேற்பப் போக வேண்டும். பிறகு முந்தைய படத்தைத் திரையில் மங்கலாக மேலே போட்டு ஒப்பிட்டுப் பார்த்து, செட்டிலிருந்து விலகி நின்று, கிளிக். கைதேர்ந்தவருக்கே நிலைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் ஐந்து மணி நேரம். லைட், கேமரா அமைப்பு, ஒத்திகை எல்லாம் சேர்த்தால் அன்றைய பொழுது முடிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஆறு நொடி என்றால் ஒரு நிமிடத்துக்குப் பத்து வேலை நாள், ஏழு நிமிடக் கதைக்கு எழுபது நாள். அதனால்தான் ஸ்டூடியோக்களில் ஒரே பாத்திரத்துக்குப் பல பொம்மைகள் செய்து, பல செட்களில் ஒரே சமயத்தில் படம் பிடிக்கிறார்கள். ஷான் தொடரில் யாரும் வார்த்தை பேசுவதில்லை. வசனத்துக்கேற்ப வாயை மாற்றும் வேலை அவர்களுக்கு அந்த அளவில் மிச்சம்.

வீட்டில் ஃபோனில் எடுப்பவர் நொடிக்கு 12 படம் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720. எளிய பொம்மை, படத்துக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 24 மணி நேரம். தினமும் மாலை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு நாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கதையை இருபது நொடிக்குச் சுருக்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

இரண்டாவது தவறு, நேரத்தை முடிவு செய்யாமல் பொம்மையைத் தொடுவது. எந்தச் செயல் எத்தனை ஃப்ரேமில் நடக்கிறது என்பது தாளில் முதலில் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி, அந்தச் செயலை நாமே நடித்து ஃபோனில் வீடியோ எடுத்து எண்ணிப் பார்ப்பது. கண் இமைப்பது பாதி மூடல், முழு மூடல், பாதி திறப்பு என மூன்று நிலையில், கால் நொடியில் முடிந்துவிடும். ஆடு வாளியைப் பார்த்துத் திகைப்பதற்கோ அரை நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கும் குழந்தைக்கு அந்தத் திகைப்பு போய்ச் சேராது. புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் ஓட்டமாக ஓடுவதற்குக் காரணம், இந்த நிற்கும் இடங்களை விட்டுவிடுவதுதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது சம தூர நகர்வு. ஒரு கை 12 செ.மீ. மேலே போக வேண்டும், அரை நொடிதான் இருக்கிறது, அதாவது ஆறு நிலை. நிலைக்கு 2 செ.மீ. என்று பங்கு போட்டால் கை இயந்திரம் மாதிரி ஏறும், முடிவில் சடக்கென்று நிற்கும். உயிருள்ள கை மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, கடைசியில் தணியும். எனவே 0.5, 1.5, 4, 3.5, 2, 0.5 என்று நகர்த்துங்கள். கூட்டினால் அதே 12 செ.மீ.தான், ஆனால் இப்போது அதற்குப் பின்னால் ஒரு தசை இருப்பது போலத் தெரியும். ஏறுவதற்கு முன் ஒரு நிலையில் கையைச் சற்றுக் கீழே இறக்கி, பாதையை நேர்கோடாக இல்லாமல் லேசான வளைவாக வைத்தால் இன்னும் நன்று. இதைக் காகிதத்தில் புள்ளி வைத்துப் பழகிவிட்டால், பிறகு கண்ணே அளந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம் துடிப்பது. இங்கே நோயைச் சரியாகக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. படம் முழுக்க ஒரே சீராக மினுக்கினால் குற்றவாளி கேமரா: எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மினுக்கினால், லென்ஸின் துவாரம் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது நூலிழை அளவு மாறுகிறது என்று பொருள். துவாரத்தைக் கையால் திருகி நிலைநிறுத்தும் பழைய வகை லென்ஸ் இதற்குச் சிறந்தது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் மாறினால் ஜன்னலையோ உங்கள் சட்டையையோ பாருங்கள். வெள்ளைச் சட்டை பெரிய பிரதிபலிப்பான். கறுப்பு உடை அணிந்து, ஒவ்வொரு கிளிக்கின்போதும் ஒரே இடத்தில் நில்லுங்கள். வெளிச்சம் மாறாமல் காட்சி மொத்தமும் குதித்தால் ட்ரைபாடில் கால் பட்டிருக்கிறது. அதன் கால்களைத் தரையோடு பசையால் ஒட்டிவிடுவதில் தவறில்லை.

கேமரா நகரும் ஷாட்டில் மட்டும் இரண்டு ஃப்ரேம் பழக்கத்தைத் தொடராதீர்கள். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நகர, பொம்மை இரண்டுக்கு ஒருமுறை நகர்ந்தால், அது பின்னணிக்கு எதிராக நடுங்குவது போலத் தெரியும். அங்கே பொம்மையையும் ஃப்ரேமுக்கு ஒருமுறை நகர்த்தியாக வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். பட்ஜெட் சிறியதென்றால் கேமராவை நகர்த்தாமலே கதை சொல்லப் பாருங்கள்.

கடைசியாக, ஷாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கப் போவது. இரவில் களிமண் தளரும், மரத்தாலான செட் ஈரப்பதத்தில் லேசாக உப்பும், அணைத்து எரியவிட்ட லைட் பழைய நிலைக்கு வரச் சற்று நேரமாகும். மறுநாள் எடுத்த முதல் படத்தில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறியிருக்கும். அதனால் அன்றைக்குள் முடிகிற நீளத்தில் ஷாட்டைப் பிரியுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், பொம்மை அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் தாவல் பளிச்சென்று தெரியும். பொம்மை வேகமாகத் திரும்பும்போதோ குதிக்கும்போதோ நிறுத்துங்கள். பார்ப்பவர் கண் அசைவின் பின்னால் போவதால் அந்த மில்லிமீட்டர் தப்பித்துக்கொள்ளும்.