மூன்று மெஷின், ஒரே பதில்: பாக்ஸோஸைத் தாளில் ஓட்டிப் பார்ப்போம்

அம்பத்தூர், தரமணி, சிறுசேரி மூன்றிலும் ஆளுக்கொரு சர்வர். முதன்மை டேட்டாபேஸ் db1-ஆ, db2-ஆ? மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், முடிவானபின் அது மாறக்கூடாது. இதற்கான வழிமுறைதான் பாக்ஸோஸ். தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1. மூன்றில் இரண்டு ஏற்றால் அதுவே முடிவு. எந்த இரண்டு ஜோடியை எடுத்தாலும் ஒரு மெஷினாவது இரண்டிலும் இருக்கும்.

படி 2. முன்மொழியும் மெஷின் முதலில் ஓர் எண்ணைச் சொல்லி, குறைந்தது இரண்டு மெஷின்களிடம் (தன்னையும் சேர்த்து) வாக்கு வாங்க வேண்டும்: "இதைவிடக் குறைந்த எண்ணில் எது வந்தாலும் இனி ஏற்கமாட்டேன்." வாக்குக் கொடுப்பவர், ஏற்கெனவே எதையாவது ஏற்றிருந்தால் அதையும் அதன் எண்ணையும் சொல்லிவிட வேண்டும்.

படி 3. அம்பத்தூர் எண் 1-க்குத் தரமணியிடம் வாக்கு வாங்கி db1 என்கிறது. தரமணி ஏற்கிறது. அதோடு அம்பத்தூரிடமிருந்து பேச்சே இல்லை. சிறுசேரி எண் 2-ஓடு வருகிறது. அதற்கு db2 வேண்டும். தரமணியோ, "எண் 1-இல் db1 ஏற்றிருக்கிறேன்" என்கிறது.

இப்போது சிறுசேரி தன் db2-ஐ விட்டுவிட்டு db1-ஐத்தான் முன்மொழிய வேண்டும். எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத இடம் இது. ஏற்றது ஒரு மெஷின்தானே, பெரும்பான்மை இல்லையே? ஆனால் அம்பத்தூரும் db1-ஐத் தன் பங்குக்கு ஏற்றிருந்தால் விஷயம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஏற்காமலே செத்திருந்தால் முடியவில்லை. சிறுசேரியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மௌனம்தான். db1 என்று சொன்னால் இரண்டு நிலையிலும் தப்பில்லை. பல மதிப்புகள் வந்தால், பெரிய எண்ணில் ஏற்கப்பட்டதை எடுங்கள்.

செத்ததா, மெதுவா என்று பிரித்தறிய முடியாததுதான் முழுச் சிக்கலும். செய்தி வர எவ்வளவு நேரமாகும் என்று எல்லையே இல்லாவிட்டால், ஒரே ஒரு மெஷின் விழக்கூடும் என்றாலும், எப்போதும் முடிவுக்கு வந்தே தீரும் நிர்ணயமான வழிமுறை கிடையாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் 1985-இல் நிரூபித்தார்கள். பாக்ஸோஸ் தவறான பதில் தராது. ஆனால் இருவர் 3, 4, 5 என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டே போனால் முடியாமலும் போகலாம். மறுமுயற்சிக்கு முன் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சோதிக்க `kill -9` போதாது. அது புரோகிராமைக் கொல்லும், மெதுவாக்காது. அம்பத்தூரின் புரோகிராமை உறங்கவைத்து எழுப்பும் இதைத்தான் நான் நம்புவேன்:

```
kill -STOP <pid>
sleep 20
kill -CONT <pid>
```

உறங்கி எழுந்த அம்பத்தூர் எண் 1-ஐயே நீட்டும். அதற்குள் எண் 2-க்கு வாக்குக் கொடுத்துவிட்ட மற்ற இரண்டும் மறுக்க வேண்டும். ஏற்றால் உங்கள் கோடில் பிழை. நிஜ வேலைக்கு சொந்தமாக எழுதாதீர்கள், இப்படி ஒரே முடிவுக்கு வரும் வேலையைத் தயாராகச் செய்துதரும் etcd மென்பொருள் போதும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்கு தரமணி ரீஸ்டார்ட் ஆனபின் db2 நுழைந்துவிட்டதாம். கொடுத்த வாக்கும் ஏற்ற மதிப்பும் மெமரியில் மட்டும் இருந்திருக்கின்றன. டிஸ்கில் எழுதி, `fsync` முடிந்தபிறகே பதில் அனுப்புங்கள்.